விமானத்தின் சக்கரம் எப்படி மேலே போகிறது, எப்படிப் பூட்டிக்கொள்கிறது, ஹைட்ராலிக் போனால் எப்படி இறங்குகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்பு வேலையில் பல வருடம் இருந்தவன் நான். பல்லாவரம், பழவந்தாங்கல் பக்கம் வீடு உள்ள நண்பர்களும், என் தெருப் பிள்ளைகளும், ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா விமானத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் குழப்பம்தான் வரும். அதனால் சென்னையில் தினமும் பார்க்கிற ஏர்பஸ் ஏ320 விமானத்தை வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். வேறு விமானம் வரும் இடத்தில் அதைச் சொல்லிவிடுவேன்.

மேலே போன சக்கரத்தை ஹைட்ராலிக் பிரஷர்தானே பிடிச்சுக்கிட்டு இருக்கு? அது போனா சக்கரம் கீழே விழுந்துடாதா?

இல்லை. ஹைட்ராலிக் என்பது எண்ணெயை அழுத்தி அனுப்பி பாகங்களை நகர்த்தும் முறை. மேலே போன சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு இரும்புக் கொக்கி. அதை அப்லாக் என்போம். சக்கரத்தைத் தாங்கும் காலில் ஒரு சின்ன உருளை இருக்கும். கால் மேலே வந்து சேரும்போது அந்த உருளை கொக்கியை இடிக்கும், கொக்கி சுழன்று உருளையைக் கவ்விக்கொள்ளும், ஸ்பிரிங் அதை அந்த நிலையிலேயே நிறுத்தும். பழைய மர அலமாரிக் கதவைத் தள்ளினால் "டக்" என்று தானாகப் பிடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. அதன் பிறகு பிரஷர் இருந்தாலும் போனாலும் கால் அங்கேயே தொங்கும். ஏ320 விமானத்தில் வேகம் 260 நாட், அதாவது மணிக்கு சுமார் 480 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒரு வால்வு தானாகவே மூடி, சக்கரப் பகுதிக்குப் போகும் ஹைட்ராலிக் எண்ணெயை நிறுத்திவிடும். பயணத்தின் பெரும்பகுதி நேரம் சக்கரம் வெறும் கொக்கியில்தான் இருக்கிறது.

கீழே இறங்கிய பிறகும் அப்படித்தான், அதைக் கீழே சொல்கிறேன். ஹைட்ராலிக் உண்மையில் தேவைப்படுவது காலை நகர்த்துவதற்கு, அதிலும் முக்கியமாக மேலே தூக்குவதற்கு. கீழே வருவதற்குக் காலின் சொந்த எடையே போதும். ஹைட்ராலிக் போனால் சக்கரத்தை இறக்கும் மாற்று வழி முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது: எப்படியாவது கொக்கியைத் திறந்துவிட்டால் போதும், மற்றதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

டேக்-ஆஃப் ஆன உடனே காலடியில கடகடன்னு சத்தம், அப்புறம் ஒரு டொம். பயமா இருக்கு. அது என்ன?

ஒன்றுக்குப் பின் ஒன்றாக நடக்கும் வேலைகளின் சத்தம். விமானம் உண்மையிலேயே மேலே ஏறுகிறது என்று கருவியில் பார்த்த பிறகு ஒரு விமானி சொல்வார், மற்றவர் சக்கர வடிவக் குமிழ் வைத்த லிவரை மேலே தள்ளுவார். லிவரிலிருந்து கம்பியோ சங்கிலியோ சக்கரம் வரை போவதில்லை. அது ஒரு கணினிக்கு மின்சாரச் செய்தி அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்தக் கணினிகள் இரண்டு உண்டு. ஒவ்வொரு முறை சக்கரம் மேலே போகும்போதும் பொறுப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்.

கணினி முதலில் கதவுகளைத் திறக்கச் சொல்லும். வயிற்றுப் பகுதியில் இருக்கும் பெரிய கதவுகள் காற்றுக்குள் திறக்கும்போது வரும் இரைச்சல்தான் நீங்கள் கேட்கும் முதல் சத்தம். கதவு முழுக்கத் திறந்துவிட்டது என்று சென்சார் சொன்ன பிறகுதான் கால்களுக்கு எண்ணெய் போகும். அந்த எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு, அதாவது உங்கள் கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. அது கீழ்ப்பூட்டை விடுவித்து, இறக்கைக்கு அடியில் உள்ள இரண்டு பெரிய கால்களை உள்பக்கமாக மடக்கி வயிற்றுக்குள் இழுக்கும். மூக்குக் கால் முன்பக்கமாக மடங்கும். மேலே போகும் வழியிலேயே, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பெரிய சக்கரங்களுக்குத் தானாக பிரேக் விழும். மூக்குச் சக்கரம் உள்ளே போனதும் ஒரு பட்டையில் உரசி நிற்கும். அந்த உரசலும் முன்வரிசையில் இருப்பவர்களுக்கு ஒரு அதிர்வாகத் தெரியும். கடைசியில் கொக்கிகள் கவ்வும், கதவுகள் மூடும். அந்த "டொம்" வந்தால் எல்லாம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். மொத்தமும் பத்து விநாடி சுமாருக்குள் முடிந்துவிடும்.

தரையில நிக்கும்போது யாராவது தெரியாம லிவரைத் தூக்கிட்டா?

தூக்க முடியாது. விமானத்தின் எடை ஷாக் அப்சார்பரை அமுக்கிக்கொண்டிருக்கும் வரை ஒரு தடை லிவரைப் பிடித்துவைத்திருக்கும். மூக்குச் சக்கரம் நேராக இல்லாவிட்டாலும் தடை விலகாது. கோணலாக நிற்கும் சக்கரத்தை உள்ளே இழுத்தால் அது கூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு. தரையை விட்டு எழும்பியதும் ஷாக் அப்சார்பர் நீளும், அதற்குள் இருக்கும் மேடு பள்ளமான இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி மூக்குச் சக்கரத்தை நேராக்கும், தடையும் விலகும்.

இறங்கின கால், அவ்வளவு எடை மேல விழும்போது ஏன் மடங்கறதில்லை?

எழுந்து நின்று முழங்காலை விறைப்பாக நீட்டிக்கொள்ளுங்கள். தசைக்கு வேலையே இல்லாமல் உங்கள் எடை எலும்பில் நேராக இறங்கும். இப்போது முழங்காலை ஒரு துளி மடக்குங்கள், உடனே தொடை வலிக்க ஆரம்பிக்கும். விமானக் காலுக்கும் இதுதான் கணக்கு.

பெரிய காலுக்குப் பக்கவாட்டில் ஒரு தாங்குகோல் உண்டு, சைடு ஸ்டே என்று பெயர். நடுவில் கீல் வைத்த இரண்டு துண்டுகள். கால் மேலே போகும்போது அது முழங்கை போல மடங்கும். கால் முழுக்க இறங்கியதும் இரண்டு துண்டும் நேர்கோட்டில் வந்து நிற்கும். அது மறுபடி மடங்காமல் இருக்க, அதன் கீலை லாக் ஸ்டே என்ற இன்னொரு சின்னத் தாங்குகோல் பிடித்துக்கொள்ளும். இந்தச் சின்னதும் நடுவில் கீல் உள்ளதுதான். ஆனால் அதன் கீல் நேர்கோட்டை மயிரிழை தாண்டி மறுபக்கம் போய் நிற்கும். அந்த நிலையில் மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அது இன்னும் இறுகத்தான் செய்யும், விலகாது. ஸ்பிரிங்குகள் அதை அங்கேயே இழுத்துப் பிடித்திருக்கும். மடக்கு மேசையின் கால் பட்டையை "டப்" என்று தட்டி விறைப்பாக்குவோமே, அதே விஷயம்.

ஸ்பிரிங் பிடித்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இங்கேயும் எண்ணெய் அழுத்தம் தேவையில்லை. அழுத்தம் வேண்டியது இந்தப் பூட்டை உடைத்து மறுபடி மடக்கும்போது மட்டும்.

பெசன்ட் நகர் பீச்ல நின்னா சில விமானம் சக்கரத்தோட வருது, சிலது இல்லாம வருது. ஏன்?

மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து 25 என்ற ஓடுபாதையில் இறங்கும். பொதுவாக 2,000 அடி உயரத்தை ஒட்டித்தான் விமானிகள் சக்கரத்தை இறக்குவார்கள். இறங்கும் சரிவைக் கணக்குப் போட்டால் அந்த உயரம் ஓடுபாதையிலிருந்து 11, 12 கிலோமீட்டர் தூரத்தில் வருகிறது. கிட்டத்தட்ட உங்கள் கடற்கரைக்கு நேர் மேலே. ஒருவர் கொஞ்சம் முன்னாடி இறக்குவார், ஒருவர் கொஞ்சம் பின்னாடி. அதிர்ஷ்டம் இருந்தால் கதவு திறந்து கால் வருவதையே பார்க்கலாம். ஐப்பசியில் காற்று திசை மாறினால் இதே காட்சியைக் கொளப்பாக்கத்துக்கு மேற்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.

சீக்கிரமே இறக்கிவிட முடியாததற்கு வேக வரம்பு ஒரு காரணம். ஏ320 விமானத்தில் சக்கரத்தை இறக்க 250 நாட்டுக்குள், அதாவது மணிக்கு சுமார் 463 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மேலே ஏற்றுவதற்கு இன்னும் குறைவு, 220 நாட். மூக்குக் கால் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று யோசித்தால் இதில் ஒரு பகுதி புரியும். அது முன்பக்கமாக மேலே போகிறது. எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இறங்கும்போது அதே காற்று அதைப் பின்னால் தள்ளி உதவி செய்யும். மூக்குக் காலை இப்படி வைத்தது பின்னால் பேசப்போகும் அவசர நேரத்துக்காகவும்தான்.

மூணு பச்சை விளக்குல ஒண்ணு எரியலைன்னா விமானி என்ன செய்வார்? பல்பு போயிருந்தா?

நல்ல கேள்வி. விளக்கு எரியாததற்கும் கால் பூட்டாததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. லிவருக்கு மேலே ஒவ்வொரு காலுக்கும் ஒரு விளக்குப் பெட்டி உண்டு. பச்சை முக்கோணம் எரிந்தால் கால் இறங்கிப் பூட்டிவிட்டது. சிவப்பில் UNLK என்று எரிந்தால், கால் லிவர் சொன்ன நிலையில் பூட்டவில்லை. இரண்டும் அணைந்திருந்தால் மேலே பூட்டியிருக்கிறது.

இந்த விளக்குகள் முதல் கணினியின் சென்சாரை மட்டும் நம்பியிருக்கின்றன. அதனால் விமானி நடுத்திரையில் WHEEL என்ற பக்கத்தைத் திறப்பார். அங்கே ஒவ்வொரு காலுக்கும் இரண்டு முக்கோணம் இருக்கும், கணினிக்கு ஒன்று. இரண்டு கணினிக்கும் தனித்தனி சென்சார். ஒரு காலுக்கு இரண்டில் ஒன்று பச்சையாக இருந்தாலே அந்தக் கால் பூட்டியதாக எடுத்துக்கொள்ளலாம். சேறு படிந்த ஒரு சென்சாரால் விமானம் வட்டமடிக்க வேண்டிய நிலை இதனால் பெரும்பாலும் வருவதில்லை.

கேட்ல நிக்கும்போது அடியில நாய் குரைக்கற மாதிரி, ரம்பம் அறுக்கற மாதிரி ஒரு சத்தம் வருதே?

அது கோளாறு இல்லை. ஏ320 விமானத்தில் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள். சக்கரத்தை நகர்த்துவது பச்சை. பச்சையும் மஞ்சளும் ஒன்றுக்கொன்று அழுத்தம் கொடுத்து உதவ நடுவில் ஒரு கருவி இருக்கிறது. ஒரு என்ஜின் மட்டும் ஓடும்போது அது விட்டுவிட்டு வேலை செய்கிறது, அந்தச் சத்தம்தான் அது. அது கைமாற்றுவது அழுத்தத்தை மட்டும், எண்ணெயை இல்லை. பச்சையின் பம்ப் கெட்டால் மஞ்சள் காப்பாற்றிவிடும். பச்சையின் எண்ணெயே ஒழுகிப்போய்விட்டால் இந்தக் கருவியால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்போ எண்ணெய் ஒழுகிட்டா? சக்கரத்தை எப்படி இறக்குவாங்க, படிப்படியா சொல்லுங்க.

மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் ஒரு ஏ320 விமானத்தை மனதில் வைத்துக்கொள்வோம். திருச்சியைத் தாண்டும்போது திரையில் HYD G RSVR LO LVL என்று வருகிறது. பச்சைத் தொட்டியில் எண்ணெய் குறைந்துவிட்டது. திரை சொல்லும் வரிசைப்படி விமானிகள் அந்த உதவிக் கருவியை நிறுத்துவார்கள், பச்சைப் பம்பை நிறுத்துவார்கள். எண்ணெய் இல்லாமல் ஓடினால் பம்ப் சூடேறிக் கெட்டுவிடும். சக்கரங்கள் கொக்கியில் பத்திரமாக இருக்கின்றன. விமானத்தைத் திருப்பும் பலகைகளை மற்ற இரண்டு நிறங்களும் பார்த்துக்கொள்கின்றன. அவசரம் ஒன்றும் இல்லை, யோசிக்க நேரம் இருக்கிறது.

அந்த நேரத்தில் அவர்கள் யோசிக்க வேண்டிய முக்கியமான ஒன்று: சக்கரத்தை எப்போது இறக்குவது. இப்படி இறக்கினால் மறுபடி மேலே தூக்க எண்ணெய் இல்லை. தொங்கும் காலும் திறந்த கதவும் காற்றை எதிர்த்து எரிபொருளைத் தின்னும். சென்னையில் மழை பிடித்துக்கொண்டு பெங்களூருக்குப் போக வேண்டி வந்தால், கால்களை மடக்கியபடி போவதற்கு ஆகும் எரிபொருள் போதாது. அதனால் ஓடுபாதை, வானிலை எல்லாம் உறுதியான பிறகு, சென்னைக்குப் பக்கத்தில் வந்துதான் இறக்குவார்கள்.

சரி, வேகத்தை 200 நாட்டுக்குள் கொண்டு வந்தாயிற்று. இரண்டு விமானிகளின் இருக்கைக்கு நடுவே இருக்கும் மேடையின் பின்பக்கம் ஒரு மடக்குக் கைப்பிடி இருக்கிறது. அதை வெளியே இழுத்து, வலச்சுற்றாக மூன்று சுற்று, இனி நகராது என்று முட்டி நிற்கும் வரை சுற்ற வேண்டும். இது கம்பியும் கோலும் மட்டுமே உள்ள இணைப்பு, மின்சாரம் எதுவும் வேண்டாம்.

அந்த மூன்று சுற்றுக்குள் நடப்பதன் வரிசையில்தான் வடிவமைத்தவரின் புத்தி தெரிகிறது. முதலில் சக்கரப் பகுதிக்கு வரும் ஹைட்ராலிக் வழி துண்டிக்கப்படும். அதோடு, கால்களை நகர்த்தும் சிலிண்டர்களில் மிச்சமிருக்கும் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிப்போக வழி திறக்கப்படும். இது எதற்கு? ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, முனையை விரலால் அடைத்துவிட்டுத் தண்டை அழுத்திப் பாருங்கள், நகராது. சிலிண்டருக்குள் எண்ணெய் சிறைப்பட்டால் ஒரு டன் எடையுள்ள காலும் அப்படித்தான் பாதியில் நிற்கும். அந்த வழி திறந்த பிறகுதான் கைப்பிடி கதவுகளின் கொக்கியை விடுவிக்கும். கதவு விழுந்த பிறகு கால்களின் கொக்கியை விடுவிக்கும்.

கால்கள் தங்கள் எடையில் விழும். மூக்குக் காலை எதிர்க்காற்று பின்னால் தள்ளி விறைப்பாக்கும். பக்கவாட்டில் இறங்கும் பெரிய கால்களுக்குக் காற்றின் உதவி அவ்வளவாகக் கிடையாது. கடைசி மயிரிழையைத் தாண்டி லாக் ஸ்டேவைப் பூட்ட வைப்பது அந்த ஸ்பிரிங்குகள்தான். பிறகு லிவரையும் கீழே வைத்து, பச்சை முக்கோணங்களைப் பார்ப்பார்கள். கதவுகள் திறந்தே தொங்கும், அது எதிர்பார்த்ததுதான்.

தரையில் இரண்டு வித்தியாசம் இருக்கும். வழக்கமான பிரேக் பச்சையில் ஓடுவது, இப்போது மஞ்சளில் ஓடும் மாற்று பிரேக்கைப் பயன்படுத்துவார்கள். பல ஏ320 விமானங்களில் மூக்குச் சக்கரத்தைத் திருப்பும் வசதியும் இருக்காது. அதனால் விமானம் 3,600 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள நம் பெரிய ஓடுபாதையில் நேராக ஓடி அங்கேயே நின்றுவிடும். இழுவை வண்டி வந்துதான் இழுத்துப் போகும். அது வரை பின்னால் வரும் விமானங்கள் காத்திருக்கும், அல்லது சின்ன ஓடுபாதைக்குப் போகும். "ஓடுபாதையிலேயே நின்ற விமானம், பயணிகள் அதிர்ச்சி" என்று செய்தி வந்தால் பதறாதீர்கள். நின்றதுதான் சரியான முடிவு.

எடையாலேயே இறங்கிடும்னா தினமும் அப்படியே இறக்கலாமே?

கதவு மூடாது, மறுபடி தூக்க முடியாது என்பதை மேலே பார்த்தோம். ஒருவேளை கடைசி நொடியில் இறங்காமல் மேலே ஏற வேண்டி வந்தால் காலை மடக்கியாக வேண்டுமே. அதோடு ஹைட்ராலிக் இருக்கும்போது அது காலைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூட்டும்.

2024ல திருச்சி மேல ரெண்டு மணி நேரத்துக்கு மேல சுத்தின விமானம், சக்கரம் இறங்காமத்தானே சுத்துச்சு?

அன்று டிவி முன்னால் உட்கார்ந்து என் வீட்டாரும் இதையேதான் கேட்டார்கள். 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய போயிங் 737 அது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஹைட்ராலிக் கோளாறு. சுற்றியதற்குக் காரணம் எடை. வளைகுடா வரை போக நிரப்பிய எரிபொருளோடு இறங்கினால் ஓடுபாதையில் நிறுத்துவது கடினம். 737 விமானத்தில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். இரவு எட்டேகால் மணி வாக்கில் அது திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது.

737 விமானத்தின் மாற்று வழியைச் சொல்ல இது நல்ல இடம். காக்பிட் தரையில், துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்தால் மூன்று கைப்பிடிகள், ஒரு காலுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் சுமார் இரண்டடி இழுத்தால் அந்தக் காலின் கொக்கி திறக்கும். ஏ320 ஒரே கைப்பிடியில் செய்வதை இது மூன்றில் செய்கிறது. எனக்கு இந்த முறையும் பிடிக்கும். ஒரு கம்பி சிக்கினாலும் மற்ற இரண்டு கால்கள் தப்பிக்கும்.

மாற்று வழியும் வேலை செய்யாம போனது உண்டா?

உண்டு, நான் இளம் டெக்னீஷியன்களுக்கு எப்போதும் சொல்லும் நிகழ்ச்சி அது. 2011 நவம்பர் 1, அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து போலந்தின் வார்சாவுக்கு வந்த போயிங் 767. உள்ளே 231 பேர்.

கிளம்பி சக்கரம் மேலே போன சமயத்தில், வலது பெரிய காலில் இருந்த வளையும் ஹைட்ராலிக் குழாய் ஒன்று உடைந்தது. மைய அமைப்பின் எண்ணெய் முழுக்கப் போய்விட்டது. சக்கரத்தை நகர்த்துவது அந்த மைய அமைப்புதான். மற்ற இரண்டு அமைப்புகளும் நன்றாக இருந்ததால், எரிபொருளையும் குறைத்துக்கொண்டு வார்சா வரை பறக்க முடிவு செய்தார்கள். அந்த முடிவில் தவறில்லை. மாற்று வழி இருக்கிறதே.

767 விமானத்தின் மாற்று வழி கைப்பிடி இல்லை, ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ஒரு மின்மோட்டார் எல்லாக் கொக்கிகளையும் திறக்கும். வார்சா வந்து பொத்தானை அழுத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வட்டமடித்துத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். போர் விமானங்கள் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, கால் எதுவும் வெளியே வரவில்லை என்று சொன்னார்கள். கடைசியில் கேப்டன் டடேயுஷ் வ்ரோனா விமானத்தை வயிற்றாலேயே ஓடுபாதையில் இறக்கினார். ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை.

பிறகு கிரேன் வைத்து விமானத்தைத் தூக்கினார்கள். காக்பிட்டில், துணை விமானிக்குப் பக்கத்தில் தரையை ஒட்டிய பலகையில் C829 என்ற சர்க்யூட் பிரேக்கர் வெளியே வந்திருந்தது. அந்த மோட்டாருக்கு மின்சாரம் போகும் வழி அதுதான். பிரேக்கரை உள்ளே தள்ளி மின்சாரம் கொடுத்ததும் சக்கரங்கள் ஒழுங்காக இறங்கின. பை, காலணி என்று ஏதாவது எளிதாகப் படக்கூடிய உயரத்தில் அந்த பிரேக்கர் இருந்தது.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மோட்டார் நன்றாக இருந்தது, கொக்கிகள் நன்றாக இருந்தன, புவியீர்ப்பு எங்கும் போய்விடவில்லை. குழாய் உடைந்தது ஒரு விஷயம், பிரேக்கர் வெளியே வந்தது அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு விஷயம். முதலாவது நடக்காத ஆயிரம் பயணங்களில் இரண்டாவதை யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் அந்த மோட்டாரை யாரும் கூப்பிடுவதே இல்லை. அதனால்தான் இப்படி உறங்கிக்கொண்டிருக்கும் கருவிகளை நாங்கள் அவ்வப்போது எழுப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படி எழுப்பிப் பார்க்கிறது எப்படி? பறந்துகிட்டேவா?

ஹேங்கரில். விமானத்தை மூன்று பெரிய ஜாக்கிகளில் தூக்கி, சக்கரங்கள் தரையைத் தொடாமல் நிறுத்துவோம். தரையில் இருக்கும் ஹைட்ராலிக் வண்டியிலிருந்து குழாய் கொடுப்போம். ஒருவர் காக்பிட்டில், கீழே ஒவ்வொரு காலுக்கும் ஒருவர், காதில் ஹெட்செட். "கால் பக்கம் யாரும் இல்லை" என்று மூன்று பேரும் சொன்ன பிறகுதான் லிவர் நகரும். அந்தக் கதவுகள் மூடும் வேகத்தையும் பலத்தையும் நேரில் பார்த்தவர்கள் இந்த விதியைத் தளர்த்தவே மாட்டார்கள். கூட்டுக்குள் தலையை விட்டு வேலை செய்யும்போது கதவின் சிலிண்டர் மேல் ஒரு உலோகக் கவசத்தைப் பூட்டிவிட்டுத்தான் போவோம்.

பிறகு வண்டியை நிறுத்தி, அழுத்தம் இல்லாமல் கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்போம். ஹேங்கர் அமைதியாக இருக்கும். "டக்" என்று கொக்கி விடும் சத்தம் தனியாகக் கேட்கும். ஒரு கணம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு கால் மெதுவாகப் புறப்பட்டு, வேகம் எடுத்து, கடைசியில் ஸ்பிரிங் இழுக்க லாக் ஸ்டே "டங்" என்று விறைக்கும். இங்கே எதிர்க்காற்று கிடையாது என்பதையும் நினைவில் வைத்துத்தான் மூக்குக் காலைப் பார்க்க வேண்டும்.

நான் முதலில் டார்ச் அடிப்பது கொக்கியின் உள்வளைவிலும் உருளையிலும்தான். கிரீஸ் கழுவிப்போய் உலோகம் பளபளவென்று தெரிந்தால் அது உரசுகிறது. கிரீஸ் கறுத்து மணல் கலந்து கெட்டியாகியிருந்தாலும் நல்லதில்லை. கடற்காற்று வீசும் ஊர் இது, உப்பு எங்கும் ஏறும். கீல்களில் பழுப்பு நிறக் கசிவு தெரிந்தால் உள்ளே துரு ஆரம்பித்துவிட்டது. விமானத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகு புதுக் கிரீஸ் ஏற்றுவது அதனால்தான் கட்டாயம்.

நிக்கிற விமானத்தோட காலுல சிவப்பு ரிப்பன் தொங்குதே, அது எதுக்கு?

அந்த ரிப்பனின் நுனியில் ஒரு இரும்பு முள் இருக்கிறது. தரையில் வேலை நடக்கும்போது கால் எந்தக் காரணத்தாலும் மடங்கிவிடக் கூடாது என்று பூட்டின் துளையில் செருகுவது. மூன்று கால், மூன்று முள். பறக்குமுன் அகற்று என்று ஆங்கிலத்தில் ரிப்பனில் எழுதியிருக்கும். எடுத்த முட்களைக் காக்பிட்டில் அதற்கான இடத்தில் வைப்போம், மூன்றும் வந்துவிட்டதா என்று விமானிகளும் பார்ப்பார்கள்.

வருடங்களுக்கு முன் ஒரு அதிகாலை, விமானம் ஒன்று கிளம்பிய சில நிமிடங்களில் திரும்புகிறது என்று தகவல் வந்தது. கால் மேலே வரவில்லை. வானத்தில் ஆபத்து எதுவும் இல்லை, மூன்று பச்சையும் எரிந்துகொண்டுதான் இருந்தன. நிறுத்துமிடத்துக்கு வந்ததும் நான் குனிந்து பார்த்தேன். இடது பெரிய காலில் முள் அப்படியே இருந்தது. ரிப்பன் மட்டும் எப்போதோ அறுந்து, இரண்டு விரல் அகலத் துணி மிச்சம் இருந்தது. விடியாத வெளிச்சத்தில் சுற்றி வந்து பார்த்தவர் கண்ணில் அது படவில்லை. காக்பிட்டில் முட்களை எண்ணியிருந்தால் இரண்டுதான் இருந்திருக்கும். அன்றிலிருந்து நான் ரிப்பனைப் பார்ப்பதில்லை, துளையைத் தொட்டுப் பார்க்கிறேன்.